பேக்எண்ட் டெவலப்பர் பணிக்கான விண்ணப்பக் கடிதம்

அனுப்புநர்
அ. ஜெபின்
குலசேகரம், கன்னியாகுமரி மாவட்டம்

பெறுநர்
பணித் தேர்வுக் குழுவினர்
நாகர்கோவில் அலுவலகம்

பொருள்: பைத்தான் பேக்எண்ட் டெவலப்பர் பணி

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். மொத்த வியாபாரிகளுக்கான சரக்கு, பில்லிங் மென்பொருளில் வேலை செய்ய ஆள் தேவை என்ற உங்கள் அறிவிப்பைப் பார்த்து விண்ணப்பிக்கிறேன். அறிவிப்பு தமிழில் இருந்ததால் கடிதமும் தமிழில். என் கோடில் உள்ள குறிப்புகளும் ஆவணங்களும் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. அதனால் அந்தக் கவலை வேண்டாம்.

முதலில் படிப்பு விவரம். நான் கணினி அறிவியல் படிக்கவில்லை. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் பி.காம். முடித்துவிட்டு, குலசேகரத்தில் ரப்பர் ஷீட்டும் ஒட்டுப்பாலும் வாங்கும் ஒரு கடையில் கணக்கு எழுதச் சேர்ந்தேன். பைத்தான் கற்றதும் அங்கே இருந்துகொண்டுதான். இன்று அந்தக் கடையும் திருவட்டாரில் உள்ள அதன் கிளையும் நான் எழுதிய மென்பொருளில்தான் கொள்முதல் பில் போடுகின்றன. ஜாங்கோ, போஸ்ட்கிரெஸ், ஒரு லினக்ஸ் சர்வர். எழுதியதும் நிறுவியதும் பராமரிப்பதும் நான் ஒருவன்தான்.

ரப்பர் கடைக் கணக்கு வெளியில் இருந்து பார்த்தால் சுலபமாகத் தெரியும். எடை, விலை, பெருக்கினால் தொகை. உள்ளே போனால் அப்படி இல்லை. ஷீட்டின் தரம் பார்த்து விலை மாறும், ஈரம் இருந்தால் எடையில் கழிக்க வேண்டும், சந்தை விலை காலையில் ஒன்று மாலையில் ஒன்று. மழைக்காலத்தில் பால்வெட்டு நின்றுபோனால் விவசாயிகள் கடையில் முன்பணம் வாங்குவார்கள், வெட்டு தொடங்கியதும் ஒவ்வொரு பில்லிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிக்க வேண்டும். இதில் ஐம்பது ரூபாய் பிசகினாலும் மறுநாள் காலையில் ஆள் கடை வாசலில் நிற்பார்.

அதனால் டேட்டாபேஸை வடிவமைக்கும்போது கணக்குப்பிள்ளையின் விதிகளையே முதலில் வைத்தேன். பேரேட்டில் எழுதியதை யாரும் அழிப்பதில்லை. தவறென்றால் திருத்தப் பதிவு போடுவார்கள். என் லெட்ஜர் டேபிளிலும் UPDATE, DELETE இரண்டுக்கும் ஆப்பின் டேட்டாபேஸ் பயனருக்கு அனுமதி கிடையாது. பில் போட்ட நேரத்து விலை அந்த பில் வரிசையிலேயே பதிந்துவிடும், விலைப் பட்டியல் பிறகு மாறினாலும் பழைய பில் மாறாது. தொகைகள் எல்லாம் NUMERIC. பைத்தானில் 0.1 + 0.2 போட்டால் 0.30000000000000004 வருவதைப் பார்த்த பிறகு பணத்தை ஃபுளோட்டில் வைக்க எந்தக் கணக்குப்பிள்ளைக்கும் மனம் வராது.

நான் அதிகம் யோசித்த இடம் சிக்னல் பிரச்சினை. பேச்சிப்பாறைப் பக்கம் தோட்டத்துக்கே போய் எடை போடும் ஆட்கள் போனில் பதிவு செய்கிறார்கள். சர்வருக்குப் பதிவு வந்து சேர்ந்திருக்கும், ஆனால் பதில் திரும்பும் முன் சிக்னல் போய்விடும். போன் மறுபடி அனுப்பும். எதுவும் செய்யாமல் விட்டால் ஒரே சரக்குக்கு இரண்டு பில். ஆகவே ஒவ்வொரு பதிவுக்கும் போனிலேயே ஒரு யூயூஐடி உருவாக்கி, அது பதியும் client_ref நெடுவரிசையில் யுனிக் கட்டுப்பாடு வைத்தேன்:

```sql
INSERT INTO ledger (client_ref, farmer_id, kind, amount)
VALUES (%s, %s, %s, %s)
ON CONFLICT (client_ref) DO NOTHING
RETURNING id;
```

இரண்டாம் முறை வரும்போது இது எந்த வரிசையையும் திருப்பித் தராது. அப்போது பழைய பதிவை எடுத்து, முதல் முறை என்ன பதில் போயிருக்க வேண்டுமோ அதையே அனுப்புகிறேன். பிழைச் செய்தி அனுப்பினால் போனில் இருப்பவர் பதிவாகவில்லை என்று நினைத்துப் புதிதாக ஒன்று போட்டுவிடுவார். அதே யூயூஐடி வேறு தொகையோடு வந்தால் மட்டும் மறுத்துவிடும்.

முன்பணம் பிடிப்பதில் வேறொரு சிக்கல். அப்பா குலசேகரம் கடையில் ஷீட் போடும் அதே நேரத்தில் மகன் அதே கணக்கில் திருவட்டாரில் ஒட்டுப்பால் போடலாம். பாக்கி 5,000 ரூபாய் என்று இரண்டு கிளையும் படித்து, இரண்டும் 4,000 பிடித்தால் விவசாயிக்கு 3,000 நஷ்டம். போஸ்ட்கிரெஸின் இயல்பான ரீட் கமிட்டட் நிலை இதைத் தடுக்காது. எனவே ஒரே டிரான்சாக்ஷனுக்குள் விவசாயியின் வரிசையை select_for_update() மூலம் பூட்டி, அதன் பிறகே பாக்கியைப் படிக்கிறேன். இரண்டாவது கிளை ஒரு கணம் காத்திருக்கும். கடையில் யாருக்கும் அது தெரிவதில்லை.

ஆண்டுக் கணக்கு எடுக்கத் தாமதமானபோது EXPLAIN ANALYZE பார்த்து, விவசாயி, தேதி இரண்டுக்கும் சேர்த்து இண்டெக்ஸ் போட்டேன். பேக்கப் தினமும் இரவு pg_dump வழியாக வேறு இடத்துக்குப் போகிறது. மாதம் ஒருமுறை அதை வெற்று டேட்டாபேஸில் மீட்டு, விவசாயிகளின் பாக்கித் தொகைகளை ஒப்பிட்டுப் பார்க்கிறேன். மீட்டுப் பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் என்று கணக்கில் வைப்பதில்லை.

இனி என்னிடம் இல்லாதவை. நேர்காணலில் தெரியவரும் விஷயங்கள்தான், இப்போதே சொல்லிவிடுகிறேன். டேட்டா ஸ்ட்ரக்சர், அல்காரிதம் அடிப்படைகளை ஹார்வர்டின் சிஎஸ்50 வகுப்பிலிருந்து தொடங்கிப் படித்தேன். ஹாஷ் டேபிள், பி-ட்ரீ, சிக்கல்தன்மைக் கணக்கு எல்லாம் விளக்க முடியும். ஆப்பரேட்டிங் சிஸ்டம், நெட்வொர்க் இரண்டிலும் வேலைக்குத் தேவைப்பட்ட அளவே தெரியும். கம்பைலர் பற்றிக் கேட்டால் கையை விரிப்பேன். உங்கள் அறிவிப்பில் உள்ள ரெடிஸை, செலரியின் வரிசைக்கு மட்டுமே பயன்படுத்தியிருக்கிறேன், கேஷாகப் பயன்படுத்தியதில்லை. பல சர்வர்களில் ஓடும் அமைப்பைக் கையாண்ட அனுபவமும் இல்லை.

இதைவிடப் பெரிய குறை, குழுவில் வேலை செய்யாதது. என் கோடை இதுவரை அனுபவமுள்ள யாரும் உட்கார்ந்து ரிவ்யூ செய்ததில்லை. டெஸ்ட்கள்தான் எனக்குக் கிடைத்த மேலதிகாரி. அவை நான் யோசித்ததை மட்டுமே சோதிக்கும், யோசிக்காததைக் கேட்காது. உங்கள் அறிவிப்பில் சம்பளத்துக்கு முன்னால் நான் படித்த வரி, 'ஒவ்வொரு மாற்றமும் ரிவ்யூவுக்குப் பிறகே சேரும்' என்பதுதான்.

பட்டப்படிப்பு விஷயத்தில் ஒரு வேண்டுகோள். 'கணினிப் பட்டம் அல்லது இணையான அனுபவம்' என்று எழுதியிருக்கிறீர்கள். என் அனுபவம் இணையானதா என்பதை இந்தக் கடிதத்தை வைத்து முடிவு செய்ய வேண்டாம். கடை முதலாளியின் அனுமதியோடு, விவசாயிகளின் விவரங்களை நீக்கிவிட்டு, லெட்ஜர் பகுதியின் கோடை டெஸ்ட்களுடன் இணைத்திருக்கிறேன். ledger/services.py, tests/test_advance.py இரண்டையும் திறந்தாலே போதும். முன்பணப் பூட்டை எடுத்துவிட்டு டெஸ்டை ஓட்டினால் எது உடைகிறது என்பதும் தெரியும்.

நேர்காணலுக்கு எந்த நாளிலும் நாகர்கோவில் வர முடியும். காலை பதினொன்றுக்குப் பிறகு என்றால் நல்லது. அதற்கு முன் கடையில் கொள்முதல் நேரம். செய்முறைத் தேர்வு வைத்தால் அதற்கும் தயார். வேலை கிடைத்தால், மென்பொருளைப் பார்த்துக்கொள்ள வேறொருவரைப் பழக்கிவிட்டு வர ஒரு மாத அவகாசம் தேவைப்படும். என் வேலையைப் பற்றிக் கேட்க விரும்பினால் முதலாளியிடமே பேசலாம். நான் விண்ணப்பிப்பது அவருக்குத் தெரியும்.

இப்படிக்கு,
அ. ஜெபின்

இணைப்பு: தன்விவரக் குறிப்பு, பி.காம். சான்றிதழ் நகல், கோடு தொகுப்பு