பழுப்புத் தோள்பை: விவரணையும், படம் சொல்லாத சங்கதிகளும்

அக்கா, நீங்கள் விற்கப்போகும் பையின் படம் வந்தது, குரல் பதிவையும் ரெண்டு தடவை கேட்டேன். சுத்தமான தோல், மழையில் நனையாது, 15.6 இன்ச் லேப்டாப் போகும், பித்தளைப் பக்கிள், கையால் தைத்தது, பத்து வருஷம் உழைக்கும், ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஏற்றது, புத்தம் புதுசு என்றெல்லாம் அதில் சொன்னீர்கள். விற்பனைக்கான விவரணை எழுதிக் கீழே வைத்திருக்கிறேன். நீங்கள் சொன்னதில் பாதி அதில் இருக்காது. மறந்துபோய் விடவில்லை, வேண்டுமென்றேதான் விட்டேன். ஏன் என்று அப்புறம் சொல்கிறேன், முதலில் இதைப் படியுங்கள்.

அடர் பழுப்புத் தோள்பை, முன்மடிப்பும் பக்கிளும் கொண்டது

அடர் பழுப்பு நிறத்தில் நீள்சதுர வடிவத் தோள்பை. முன்பக்கத்தில் முக்கால்வாசி வரை இறங்கி வரும் அகலமான மடிப்பு, அதைப் பூட்டி நிறுத்த மஞ்சள் உலோக நிறத்தில் ஒற்றைப் பக்கிள். மடிப்பின் ஓரம் நெடுக இளநிற நூலில் ஒரு வரித் தையல் ஓடுகிறது, பழுப்பின் மேல் அது நன்றாக எடுத்துக் காட்டும். தோளில் மாட்டும் வாரும் பையின் நிறத்திலேயே இருக்கிறது, நீளத்தைக் கூட்டவும் குறைக்கவும் அதில் ஐந்து துளைகள். இடப்பக்கத்தில் சிறு வெளிப்பை ஒன்று உண்டு. மேற்பரப்பு லேசான மினுமினுப்போடு இருக்கும்.

மடிப்பின் இடது மூலையில் ஒரு சிறு சுருக்கக் கோடும், வாரின் இரண்டாவது துளை சற்று நீண்டிருப்பதும் படத்தில் தெரியும். விளக்கு வெளிச்சத்தில் எடுத்த படம் என்பதால் பகலில் நிறம் கொஞ்சம் வேறுபட்டுத் தெரியலாம்.

அவ்வளவுதான். சப்பென்று இருக்கிறதே என்று நினைப்பீர்கள், எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் இதில் இருக்கும் ஒவ்வொரு வரிக்கும் உங்கள் படத்தில் விரல் வைத்துக் காட்ட முடியும். வாங்குகிறவர் பெட்டியைப் பிரித்துவிட்டு 'இப்படிச் சொல்லவில்லையே' என்று கேட்க இடமே இல்லை. இனி விட்டுப்போனவற்றுக்கு வருவோம். இதில் பலவற்றை நீங்கள் வீட்டிலேயே பத்து நிமிஷத்தில் பார்த்துவிடலாம், பார்த்துச் சொன்னால் அந்தந்த வரியைச் சேர்த்துவிடுவேன்.

முதலில் 'சுத்தமான தோல்'. இதில்தான் எனக்கு உண்மையிலேயே உறுத்தல். படத்தைப் பெரிதாக்கி வாரின் துளைகளைப் பார்த்தேன். நான் சொன்ன அந்த இரண்டாவது துளையின் கீழ் விளிம்பில் பழுப்புப் பூச்சு கொஞ்சம் விலகி, உள்ளே வெள்ளையாக ஏதோ தெரிகிறது, குறுக்கும் நெடுக்கும் நூல் ஓடுவதுபோல. வெளிச்சம் பட்டதால் அப்படித் தெரிந்திருக்கலாம், அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் தோலை வெட்டினால் உள்ளே நார் நாராக, நெய்யாத பஞ்சுபோல இருக்கும். துணி நெசவு தெரிந்தால் அது துணியின் மேல் பிளாஸ்டிக் பூசிய ரெக்சின் வகை. ஆகவே நீங்கள் வாரின் நுனியையும் அந்தத் துளையையும் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். பைக்கு உள்ளே, தையல் மடித்துவிட்ட இடத்தில், வெட்டிய விளிம்பு எங்காவது வெளியே இருக்கும். அங்கேயும் பாருங்கள்.

வாசனையை நம்பாதீர்கள், தோல் வாசனையை மேலே ஏற்றி விற்கிறார்கள். தண்ணீர்ச் சொட்டு வைத்துப் பார்ப்பதும் முழுசாகக் கைகொடுக்காது, மேலே பூச்சுப் போட்ட நிஜத் தோலும் தண்ணீரை உடனே உறிஞ்சாது. கொளுத்திப் பார்க்கச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள், விற்கிற பையில் அந்த வேலையே வேண்டாம். அப்புறம் ஒன்று, நார் தெரிந்தாலும் கதை முடிவதில்லை. தோல் துகள்களைப் பசையோடு சேர்த்து அழுத்திச் செய்யும் தகடும் இருக்கிறது, அதையும் 'தோல்' என்றுதான் கடைகளுக்குத் தள்ளிவிடுகிறார்கள். அதனால் உங்களுக்குக் கொடுத்தவரிடம் எழுத்தில் கேளுங்கள்: வெளிப்பக்கம் எது, வார் எது, உள்துணி எது என்று மூன்றையும் தனித்தனியாக. பதில் வந்தால் 'வெளிப்பக்கம் தோல், உள்ளே துணி' என்று துல்லியமாக எழுதலாம். 'சுத்தமான தோல்' என்று மொத்தமாக எழுதினால் உள்துணியும் தோல்தான் என்று ஒருவர் வாதாடலாம், அவர் சொல்வதிலும் தப்பில்லை.

'மழையில் நனையாது' என்றீர்கள். இதை நான் எழுதவே மாட்டேன் அக்கா, நீங்கள் கோபித்துக்கொண்டாலும் சரி. முன்பு ஒரு விற்பனையாளர் சொன்னார் என்று ஒரு முதுகுப்பைக்கு 'நீர் புகாது' என்று எழுதிக் கொடுத்தேன். அதை வாங்கியவர் மழையில் போய்விட்டு வந்து, ஊறிப்போன நோட்டுப்புத்தகத்தைப் படம் எடுத்து அனுப்பினார். பணம் திரும்பியது, திட்டு எனக்குக் கிடைத்தது. துணியோ தோலோ மேல்பரப்பு தண்ணீரைத் தள்ளினாலும், ஊசி போன ஒவ்வொரு துளையும் ஒரு வாசல்தான், ஜிப் அதைவிடப் பெரிய வாசல். நீர் புகாமைக்கு மின்சாதனங்களில் தரப்பட்டியலே இருக்கிறது: IPX4 என்றால் தெறிக்கும் நீரைத் தாங்கும், IPX7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிஷம் மூழ்கினாலும் தாங்கும். உங்கள் பைக்கு அப்படி ஒரு சோதனை நடந்ததற்கு அத்தாட்சி இருந்தால் அனுப்புங்கள், இல்லாவிட்டால் அந்தப் பேச்சே வேண்டாம். மடிப்பு முன்பக்கத்தின் முக்கால்வாசியை மூடுகிறது என்று எழுதியிருக்கிறேனே, தூறலில் அது எவ்வளவு உதவும் என்று வாங்குகிறவரே யோசித்துக்கொள்வார்.

அடுத்தது அந்த 15.6 இன்ச் லேப்டாப். படத்தில் அளவுக்கு ஒத்துப் பார்க்க ஒரு பொருள்கூட இல்லை, மேஜையும் சுவரும்தான். போனைக் கிட்டத்தில் வைத்து எடுத்தால் முன்னால் இருப்பது பெரிதாகவும் பின்னால் இருப்பது சின்னதாகவும் விழும், அதனால் கண்மதிப்பும் கதைக்கு உதவாது. 15.6 இன்ச் என்பது திரையின் மூலைவிட்டம், அகலம் இல்லை. வழக்கமான அகலத்திரையாக இருந்தால் திரை மட்டுமே சுமார் 34.5 செ.மீ. அகலம், அதைச் சுற்றி லேப்டாப்பின் விளிம்பு வேறு. இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். பையின் வெளி அகலத்தை அளந்து 'போகும்' என்று சொல்லிவிடுவார்கள், ஆனால் லேப்டாப் நுழைய வேண்டிய வாய் வெளி அகலத்தைவிடக் குறைவாக இருக்கும். ஆகவே டேப்பை எடுத்து, வெளி அகலம், உயரம், ஆழம், அப்புறம் வாயின் அகலம், உள் அகலம், எல்லாவற்றையும் செ.மீ.யில் எழுதி அனுப்புங்கள். வாரின் நீளம், முதல் துளையிலும் கடைசித் துளையிலும். முடிந்தால் ஒரு லேப்டாப்பை நிஜமாகவே உள்ளே வைத்து, மடிப்பை மூடி, பக்கிளைப் போட்டு ஒரு படம் எடுங்கள். மூடவில்லை என்றால் எந்த விவரணையாலும் மூட வைக்க முடியாது.

'பித்தளைப் பக்கிள்' என்பதை 'மஞ்சள் உலோக நிறம்' என்று ஆக்கியிருக்கிறேன், கவனித்திருப்பீர்கள். ஒரு காந்தத்தைக் கிட்டே கொண்டுபோங்கள். ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே முலாம். ஒட்டாவிட்டால் பித்தளை என்று துள்ளிக் குதிக்க வேண்டாம், துத்தநாகக் கலப்பில் வார்த்து முலாம் பூசியதும் ஒட்டாது. கொடுத்தவர் எழுத்தில் சொல்லும் வரை நிறத்தோடு நிறுத்திக்கொள்வோம்.

கையால் தைத்தது என்பதும் அப்படியே. படத்தில் தையல் ஒரே சீராக, நேர்கோட்டில் ஓடுகிறது. இயந்திரத் தையல் என்றுதான் என் கண்ணுக்குப் படுகிறது, ஆனால் தேர்ந்த கை இதைவிடச் சீராகவும் தைக்கும், படத்தை மட்டும் வைத்து யாராலும் தீர்ப்புச் சொல்ல முடியாது. 'கையால் செய்தது' என்று உங்களிடம் சொன்னவர், ஆள் உட்கார்ந்து மிஷினில் தைத்ததையும் அப்படிச் சொல்லியிருக்கலாம். அவரிடம் 'ஊசி நூலா, மிஷினா' என்று இந்த மூன்று சொல்லில் கேட்டுவிடுங்கள்.

பத்து வருஷம் உழைக்கும் என்பது ஆசை, அதை யார் எப்படிச் சோதிப்பது? நீங்கள் ஆறு மாதத்துக்குத் தையல் பிரிந்தால் மாற்றித் தருவேன் என்று சொல்லத் தயாரானால், அந்த ஒரு வரி பத்து வருஷத்தைவிட நன்றாக விற்கும். நன்றாக யோசித்துச் சொல்லுங்கள், எழுதிவிட்டால் செய்துதான் ஆக வேண்டும்.

மடிப்பில் அழுத்தியிருக்கும் முத்திரை படத்தில் சரியாகப் படிக்க வரவில்லை, அதனால் பெயர் எதையும் எழுதவில்லை. அரைகுறையாகப் படித்து வேறொரு கம்பெனியின் பெயரைப் போட்டுவிட்டால் வம்பு. ஆண்களுக்கும் பெண்களுக்கும் என்பதையும் விட்டுவிட்டேன், பார்க்கிறவருக்கே தெரியும்.

இனி கொஞ்சம் சங்கடமான கேள்வி. 'புத்தம் புதுசு' என்று சொன்னீர்கள், ஆனால் அந்தத் துளை நீண்டிருக்கிறது, அதாவது பக்கிள் முள் அதில் பல தடவை போய் வந்திருக்கிறது. மூலையிலும் சுருக்கம். கடையில் மாட்டி வைத்த பீஸா இது? அப்படியானால் தப்பில்லை, 'காட்சிக்கு வைத்திருந்தது' என்று ஒரு வரி போதும். மறைத்தால்தான் பிரச்சினை, ஏனென்றால் நான் பெரிதாக்கிப் பார்த்ததை வாங்குகிறவரும் பெரிதாக்கிப் பார்ப்பார். உங்களிடம் ஆறு பை இருக்கிறது என்றீர்களே, அனுப்பப்போவது இதே பீஸா, மற்ற ஐந்தா? மற்றவைதான் என்றால் இந்தப் படமே வேண்டாம், அவற்றில் ஒன்றை எடுங்கள். துளை, சுருக்கம் பற்றிய வரியையும் எடுத்துவிடுவேன்.

புதுப் படம் எடுக்கும்போது விளக்கை அணைத்துவிட்டுப் பகலில் ஜன்னல் ஓரம் வையுங்கள். இப்போதைய படத்தில் சுவரே இளமஞ்சளாக இருக்கிறது. உங்கள் சுவர் வெள்ளை என்றால் பையின் நிறத்தையும் அந்த மஞ்சள்தான் மாற்றியிருக்கிறது. பக்கத்தில் ஒரு வெள்ளை A4 தாளை வைத்தால் நிறத்துக்கும் ஆயிற்று, அளவுக்கும் ஆயிற்று, அது 21 செ.மீ.க்கு 29.7 செ.மீ. மூடிய பை ஒன்று, திறந்து உள்ளே தெரிகிற மாதிரி ஒன்று, பின்பக்கம் ஒன்று, துளை விளிம்பு கிட்டத்தில் ஒன்று. ஜிப்பையும் உள்ளறைகளையும் பற்றி நான் ஒரு சொல்கூட எழுதாததற்குக் காரணம் இதுதான், பை மூடியே இருக்கிறது.

அளவுகளும் படங்களும் வந்த அன்றே திருத்தித் தருகிறேன். அதுவரை மேலே இருப்பதை அப்படியே போட்டுக்கொள்ளலாம். ஆறு பையின் இடது மூலையையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள், எல்லாவற்றிலும் அதே இடத்தில் சுருக்கம் இருந்தால் அது மடித்து அடுக்கியதால் வந்தது, வேறு மாதிரி எழுத வேண்டியிருக்கும்.