குழு நிர்ணயிக்காத கட்டண உயர்வுக்கும் விளக்கமில்லாத கூடுதல் வசூலுக்கும் மறுப்புத் தெரிவித்து ஒரு கடிதம்

ஈரோடு,
09.06.2025

அனுப்புநர்:
ஏழாம் வகுப்பு ‘பி’ பிரிவு மாணவி, மூன்றாம் வகுப்பு ‘ஏ’ பிரிவு மாணவன் ஆகியோரின் தாய்,
பெருந்துறை சாலை, ஈரோடு.

பெறுநர்:
பள்ளித் தாளாளர் அவர்கள் (முதல்வர் அவர்கள் வழியாக),
பள்ளி அலுவலகம், ஈரோடு.

பொருள்: 2025-26 கல்வியாண்டுக் கட்டணம் – கட்டண நிர்ணயக் குழு ஆணைக்கு மேல் கேட்கப்படும் தொகை – எழுத்து மூலம் விளக்கம் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய தாளாளர் ஐயா, முதல்வர் அம்மா அவர்களுக்கு,

வணக்கம். என் மகளும் மகனும் எல்.கே.ஜி. முதல் உங்கள் பள்ளியில்தான் படிக்கிறார்கள். இத்தனை வருடமும் கட்டணத்தைத் தவணை தவறாமல் கட்டி வந்திருக்கிறோம். பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும் ஆசிரியர்கள் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. என் மகளுக்குக் கணக்கு பிடித்துப்போனதே இந்தப் பள்ளியில்தான். அந்த நன்றி இருப்பதால்தான் முதலில் வெளியே புகார் செய்யாமல் நேராக உங்களுக்கே எழுதுகிறேன்.

ஏப்ரல் 21-ஆம் தேதி வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் இந்த ஆண்டுக்கான கட்டண விவரம் வந்தது. பள்ளியின் முத்திரையோ யாருடைய கையெழுத்தோ அதில் இல்லை. ஏழாம் வகுப்புக்கு ரூ.38,500, மூன்றாம் வகுப்புக்கு ரூ.31,000 என்று போட்டிருந்தது. அதற்குக் கீழே ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியாக இவையும் இருந்தன:

ஸ்மார்ட் கிளாஸ் – ரூ.3,500
செயல்பாட்டுக் கட்டணம் – ரூ.4,000
வளர்ச்சி நிதி – ரூ.5,000
இதரம் – ரூ.2,750

புத்தகம், நோட்டு வகையில் ரூ.6,800 வேறு, அதையும் பள்ளியில்தான் வாங்க வேண்டும் என்று குறிப்பு.

கட்டண நிர்ணயக் குழு நம் பள்ளிக்கு 2023-24, 2024-25, 2025-26 ஆகிய மூன்று ஆண்டுகளுக்கு வழங்கிய ஆணையை எடுத்துப் பார்த்தேன். 2025-26-க்கு ஏழாம் வகுப்புக்கு ரூ.27,600, மூன்றாம் வகுப்புக்கு ரூ.21,400 என்று அதில் இருக்கிறது. அதாவது, கல்விக் கட்டணம் என்ற பெயரிலேயே மகளுக்கு ரூ.10,900, மகனுக்கு ரூ.9,600 கூடுதலாகக் கேட்கப்படுகிறது. தனியாகப் போட்டிருக்கும் நான்கு இனங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து ரூ.30,500. புத்தகக் காசை விட்டுவிட்டுப் பார்த்தாலே, குழு அனுமதித்ததற்கு மேல் எங்கள் ஒரு வீட்டிலிருந்து மட்டும் ரூ.51,000 கேட்கிறீர்கள். என் கணவர் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறார். நான் வீட்டில் தையல் வேலை செய்கிறேன். இந்தத் தொகை எங்களுக்கு எவ்வளவு பெரியது என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை. ஆனால் வசதி இல்லை என்பதற்காக நான் சலுகை கேட்கவில்லை. வசதி இருக்கும் பெற்றோரிடமும் இந்தத் தொகையை வாங்கக் கூடாது என்பதே என் வாதம்.

தமிழ்நாடு பள்ளிகள் (கட்டணம் வசூலித்தலை முறைப்படுத்தும்) சட்டம், 2009, பிரிவு 3-இன்படி குழு நிர்ணயித்த கட்டணத்துக்கு மேல் எந்தத் தனியார் பள்ளியும் வசூலிக்கக் கூடாது. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் அமைந்த குழு அது. அதன் ஆணை மூன்று கல்வியாண்டுகளுக்குப் பள்ளியைக் கட்டுப்படுத்தும். அந்த மூன்று ஆண்டுகளில் கடைசி ஆண்டில்தான் இப்போது இருக்கிறோம். நடுவில் திருத்திய ஆணை ஏதாவது வந்திருந்தால் அதன் நகலைக் கொடுங்கள். படித்துப் பார்த்துவிட்டு அதில் உள்ளபடி கட்டிவிடுகிறேன். அலுவலகத்தில் கேட்டபோது, “அதெல்லாம் மேனேஜ்மென்ட் முடிவு, எல்லாரும் கட்டுறாங்க” என்றுதான் பதில் வந்தது. நிர்வாகத்தின் முடிவு குழுவின் ஆணைக்கு ஈடாகாது. எல்லோரும் கட்டுகிறார்கள் என்பதும் ஒரு காரணம் இல்லை. பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயத்தில் கட்டுகிறவர்கள்தான் அதிகம். பள்ளி வாசலில் காத்திருக்கும் நேரத்தில் பெற்றோர்கள் பேசிக்கொள்வதை ஒரு நாள் நீங்கள் கேட்டால் தெரியும்.

பள்ளி நடத்துவதில் செலவு கூடியிருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. மின் கட்டணம் ஏறியிருக்கிறது, வேன் பராமரிப்பு ஏறியிருக்கிறது, ஆசிரியர்களுக்குச் சம்பளம் கூட்டித்தர வேண்டும். அவர்களுக்கு இன்னும் நல்ல சம்பளம் கிடைக்க வேண்டும் என்றுதான் நானும் நினைக்கிறேன். இதற்கெல்லாம் சட்டம் இடம் வைத்திருக்கிறது. பள்ளி இருக்கும் இடம், கட்டட வசதிகள், நிர்வாக, பராமரிப்புச் செலவு, வளர்ச்சிக்குத் தேவையான நியாயமான உபரி ஆகியவற்றைப் பார்த்துத்தான் குழு கட்டணத்தை முடிவு செய்ய வேண்டும் என்று பிரிவு 6 சொல்கிறது. வளர்ச்சிக்கான பணம் ஏற்கெனவே அந்த ரூ.27,600-க்குள் இருக்கிறது என்றுதானே இதற்கு அர்த்தம்? அப்படியானால் “வளர்ச்சி நிதி” என்று தனியாக ரூ.5,000 எதற்கு? தனியார் கல்வி நிறுவனங்கள் நியாயமான உபரி வைத்துக்கொள்ளலாம், ஆனால் லாப வேட்டை கூடாது, நன்கொடைக் கட்டணம் வாங்கக் கூடாது என்று டி.எம்.ஏ. பாய் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் பதினோரு நீதிபதிகள் அமர்வு 2002-லேயே சொல்லிவிட்டது. செலவு கூடியிருந்தால் கணக்குகளோடு குழுவிடம் விண்ணப்பியுங்கள். குழு உயர்த்தித் தந்தால் நான் மறுபேச்சு பேச மாட்டேன்.

மற்ற இனங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஸ்மார்ட் கிளாஸ் திரை என் மகனின் வகுப்பில் இல்லை. இல்லாத ஒன்றுக்கு அவனுக்கு ஏன் ரூ.3,500? செயல்பாட்டுக் கட்டணம் கராத்தே, அபாகஸ் வகுப்புகளுக்கு என்றார்கள். என் பிள்ளைகள் இரண்டிலும் சேரவில்லை; சேரச் சொல்லி யாரும் கேட்டதும் இல்லை. விருப்பப்பட்டவர்களுக்கான வகுப்பு என்றால், சேர்கிறவர்களிடம் மட்டும் வாங்க வேண்டும். அப்புறம் அந்த “இதரம்”. ரூ.2,750-ஐ ஒரே சொல்லில் எழுதி வைத்தால் அது எதற்கு என்று பெற்றோருக்கு எப்படித் தெரியும்? அடையாள அட்டையா, தேர்வுத் தாளா, ஆண்டு விழாவா? இந்த மூன்றுக்கும் கடந்த ஆண்டு தனித்தனியாகவே பணம் வாங்கினீர்கள்.

புத்தக விஷயத்தில் எனக்கு மிகவும் வருத்தம். பத்தாம் வகுப்பு வரை மெட்ரிக் பள்ளிகளிலும் சமச்சீர்க் கல்விப் பாடம்தான். தமிழ்நாடு பாடநூல் கழகம் புத்தகங்களை விலை நிர்ணயித்தே விற்கிறது. அந்த விலையோடு நோட்டுகளின் விலையைக் கூட்டினாலும் ரூ.6,800-க்குக் கிட்டக்கூட வரவில்லை. மீதிக்கு என்னென்ன வாங்கப்படுகின்றன என்ற பட்டியலையும் விலையையும் தாருங்கள். பாடநூல் கழகப் புத்தகங்களையும் நோட்டுகளையும் வெளியே வாங்கிக்கொள்ளவும் அனுமதியுங்கள். பள்ளிப் பெயர் அச்சிட்ட அட்டைதான் வேண்டும் என்றால், அட்டையை மட்டும் வாங்கிக்கொள்கிறேன்.

ரசீது பற்றியும் ஒரு கோரிக்கை. கடந்த ஆண்டு செயல்பாட்டுக் கட்டணமாக ரூ.3,000 ரொக்கமாக வாங்கிக்கொண்டு, வெள்ளைத் தாளில் தொகையை எழுதி முத்திரை மட்டும் வைத்துக் கொடுத்தார்கள். வரிசை எண் இல்லை, என்ன இனம் என்ற குறிப்பும் இல்லை. அதன் நகலை இணைத்திருக்கிறேன். இனி எந்தத் தொகை வாங்கினாலும், எண்ணிட்ட ரசீதில், இனவாரியாக எழுதித் தர வேண்டும்.

இதையெல்லாம் விட என்னை வேதனைப்படுத்தியது ஜூன் 5-ஆம் தேதி நடந்தது. பள்ளி திறந்து நான்காவது நாள். கட்டணம் கட்டாதவர்கள் என்று என் மகளையும் இன்னும் சில பிள்ளைகளையும் வகுப்பில் பெயர் சொல்லி எழுப்பி நிற்க வைத்திருக்கிறார்கள். “உங்க அம்மாவை வந்து பார்க்கச் சொல்லு” என்று எல்லோர் முன்பும் சொல்லியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்தவள் அன்றைக்குச் சாப்பிடவே இல்லை. மறுநாள் பள்ளிக்குப் போக மாட்டேன் என்று அழுதாள். வகுப்பு ஆசிரியரை நான் குறை சொல்லவில்லை. மேலே இருந்து பட்டியல் வந்தால் அவர் என்ன செய்வார்? ஆனால் குழந்தைகளை மன ரீதியாகத் துன்புறுத்துவதை, இலவச கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009, பிரிவு 17 தடை செய்கிறது. ஏழாம் வகுப்பும் மூன்றாம் வகுப்பும் அந்தச் சட்டத்துக்குள் வருகின்றன. கட்டணம் உங்களுக்கும் எனக்கும் இடையிலான விஷயம். பேச வேண்டியதை என்னிடம் பேசுங்கள், போன் செய்யுங்கள், கடிதம் அனுப்புங்கள். பிள்ளைகளிடம் பணத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசக் கூடாது. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கட்டணமே கட்ட மறுக்கிறேன் என்று யாரும் நினைக்கக் கூடாது என்பதற்காக, குழு நிர்ணயித்த இரண்டு பேருக்குமான ரூ.49,000-இல் முதல் தவணையாக ரூ.24,500-க்கு வங்கி வரைவோலை இணைத்திருக்கிறேன். மீதியை வழக்கம்போல் இரண்டாம் தவணைக்குள் கட்டிவிடுவேன். முழுத் தொகை இல்லாமல் வாங்க முடியாது என்று கவுன்ட்டரில் சொன்னார்கள். வரைவோலையை ஏற்க மறுத்தால், மறுப்பதற்கான காரணத்தைப் பள்ளியின் தாளில் எழுதி, கையெழுத்திட்டுத் தாருங்கள்.

நான் கேட்பவை இவைதான். கூடுதல் கட்டணத்துக்கு அடிப்படையாக உள்ள ஆணையின் நகலைத் தர வேண்டும். அப்படி ஓர் ஆணை இல்லையென்றால் ஏப்ரல் 21 அறிவிப்பைத் திரும்பப் பெற வேண்டும். ஸ்மார்ட் கிளாஸ், செயல்பாடு, வளர்ச்சி நிதி, இதரம் ஒவ்வொன்றும் எதற்கு, எந்த அனுமதியின் பேரில் என்று எழுத்தில் சொல்ல வேண்டும். குழுவின் ஆணையைத் தமிழில், எல்லோரும் பார்க்கும்படி அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். இந்த ஆண்டு ஏற்கெனவே கூடுதலாகக் கட்டிவிட்ட பெற்றோருக்கு அந்தத் தொகையைத் திருப்பித் தர வேண்டும் அல்லது இரண்டாம் தவணையில் கழித்துக்கொள்ள வேண்டும்.

ஜூன் 20-ஆம் தேதிக்குள் பதிலை எதிர்பார்க்கிறேன். நேரில் பேசலாம் என்றால் நானும் என் கணவரும் எந்த நாள் மாலையிலும் வரத் தயார். பேசி முடித்ததை எழுத்தில் வைத்துக்கொள்வோம். பதில் வராவிட்டால் இந்தக் கடிதத்தையும் இணைப்புகளையும் மாவட்டக் கல்வி அலுவலர் (தனியார் பள்ளிகள்) அவர்களுக்கும், சென்னையில் உள்ள கட்டண நிர்ணயக் குழுவுக்கும் அனுப்புவேன். கூடுதல் வசூலுக்குச் சட்டத்தின் பிரிவு 9-இல் தண்டனையே இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த அளவுக்குப் போகாமல் நமக்குள்ளேயே முடித்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் என் விருப்பம்.

கடிதம் பெற்றுக்கொண்டதற்கு, இத்துடன் உள்ள இரண்டாவது பிரதியில் தேதியிட்டுக் கையெழுத்தும் முத்திரையும் வைத்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
ஏழாம் வகுப்பு ‘பி’, மூன்றாம் வகுப்பு ‘ஏ’ பிரிவுப் பிள்ளைகளின் தாய்

இணைப்பு: கட்டண நிர்ணயக் குழு ஆணையின் நகல்; ஏப்ரல் 21 வாட்ஸ்அப் அறிவிப்பின் அச்சுப் பிரதி; கடந்த ஆண்டுச் சீட்டின் நகல்; ரூ.24,500-க்கான வங்கி வரைவோலை.