மறுமொழி: மூத்த சோதனைப் பொறியாளர் பணி – நீங்கள் கேட்ட விவரங்கள்

வணக்கம்.

இன்று காலை நீங்கள் அனுப்பிய செய்தி கிடைத்தது. ஒரே செய்தியில் பல கேள்விகள் இருப்பதால், உங்கள் வரிகளை அப்படியே மேலே வைத்து, கீழே பதில் எழுதியிருக்கிறேன்.

> இரண்டு தடவை அழைத்தேன். எடுக்கவில்லை. வேலை தேடுபவர்தான் போனைக் கையில் வைத்திருக்க வேண்டும்.

அழைப்புகளைப் பிறகுதான் பார்த்தேன். இரண்டும் முற்பகலில், அலுவலகக் கூட்டம் நடந்துகொண்டிருந்தபோது வந்திருக்கின்றன. இப்போது வேலையில் இருப்பதால், அலுவல் நேரத்தில் வேறு வேலையைப் பற்றிப் பேச இயலாது. மாலை 6.30க்குப் பிறகு எந்த நாளும் பேசலாம். முன்கூட்டி ஒரு வரி எழுதினால் காத்திருப்பேன்.

> ப்ளேரைட்டில் 10 வருட அனுபவம் கேட்டிருக்கிறோம். உங்களுக்கு மூன்றுதான். விளம்பரத்தைப் படிக்காமலே விண்ணப்பிக்கிறீர்கள்.

விளம்பரத்தை முழுவதும் படித்தேன். இந்த ஒரு வரியில் மட்டும் ஏதோ விடுபட்டிருக்கிறது என்று நினைக்கிறேன். ப்ளேரைட் 2020ஆம் ஆண்டில்தான் முதன்முதலாக வெளியானது. அதை உருவாக்கியவர்களிடம்கூட அந்தக் கருவியில் இன்று 10 ஆண்டு அனுபவம் இருக்க முடியாது. தானியங்கிச் சோதனையில் மொத்தம் 10 ஆண்டு என்பதே நிறுவனம் சொல்ல வந்ததாக இருக்கலாம். அப்படியானால் என் கணக்கு இது: சோதனைத் துறையில் 11 ஆண்டு அனுபவம். அதில் ஜாவாவுடன் செலினியம் 7 ஆண்டு, ப்ளேரைட் 3 ஆண்டு, தொடக்கத்தில் ஓராண்டு கைமுறைச் சோதனை. பழைய செலினியம் சோதனைகளை ப்ளேரைட்டுக்கு மாற்றும் வேலையை இப்போதைய குழுவில் முன்னின்று செய்திருக்கிறேன். உங்கள் விளம்பரத்தின் நான்காவது பத்தி கேட்பதும் அதைத்தான். விண்ணப்பித்ததற்கு முதற்காரணமும் அந்தப் பத்திதான். பணியமர்த்தும் மேலாளரிடம் அந்த 10 ஆண்டு வரியை ஒருமுறை கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். பொருத்தமான பலர் அதைப் பார்த்துவிட்டு விண்ணப்பிக்காமலே போயிருக்கக்கூடும்.

> கடைசி மூன்று மாத ஊதியச் சீட்டு இன்று மாலை 5 மணிக்குள் வர வேண்டும். இல்லையென்றால் அடுத்த ஆளைப் பார்த்துக்கொள்கிறோம்.

இதை இன்று அனுப்ப மாட்டேன். என் ஊதியச் சீட்டில் வங்கிக் கணக்கு எண்ணும் வரி விவரங்களும் இருக்கின்றன. நேர்காணலே நடக்காத நிலையில் அவற்றை மின்னஞ்சலில் அனுப்புவது முறையாகத் தோன்றவில்லை. பணி நியமனக் கடிதம் எழுத்தில் வந்த பிறகு, சரிபார்ப்புக்குத் தேவையான எல்லா ஆவணங்களையும் உரிய துறைக்கு நேரடியாகத் தருவேன். இப்போது உங்களுக்கு வேண்டியது சம்பளம் ஒத்துப்போகுமா என்பது மட்டுமென்றால், இந்தப் பணிக்கு ஒதுக்கியிருக்கும் வரம்பைச் சொல்லுங்கள். ஒத்துவருமா வராதா என்று அன்றே சொல்லிவிடுகிறேன். இந்த ஆவணம் இல்லாமல் விண்ணப்பத்தை மேலே அனுப்ப முடியாது என்பது உங்கள் விதியானால், அதையும் தெரிவித்துவிடுங்கள். எனக்கு வருத்தம் இல்லை.

> நடுவில் 14 மாதம் எந்த வேலையும் இல்லை. காரணம்?

குடும்பத்தில் ஒருவரின் உடல்நலத்தைக் கவனிக்க வேண்டியிருந்தது. அந்தப் பொறுப்பு முடிந்துவிட்டது. அதன் பிறகு சேர்ந்த வேலையில்தான் இன்றும் தொடர்கிறேன்.

> விலகல் கால அவகாசம்?

60 நாள். மேலாளர் ஒப்புக்கொண்டால் 45 ஆகக் குறையலாம். ஆனால் அதை இப்போதே உறுதியாகச் சொல்ல முடியாது.

> நேரத்தை வீணாக்க வேண்டாம்.

எனக்கும் அதே விருப்பம்தான். ஒரே நேரத்தில் பல பணியிடங்களை நிரப்ப வேண்டிய நெருக்கடி உங்களுக்கு இருக்கும் என்பது புரிகிறது. ஆனாலும் ஒன்றை நேரடியாகச் சொல்வது நல்லது என்று நினைக்கிறேன்: இன்றைய செய்தியின் தொனி எனக்கு ஏற்புடையதாக இல்லை. கேள்விகள் எத்தனை வந்தாலும் பதில் சொல்கிறேன். மரியாதையான சொற்களில் வந்தால் பேச்சைத் தொடர்வது இருவருக்கும் எளிது.

இந்தப் பணியில் எனக்கு இன்னும் ஆர்வம் இருக்கிறது. வரும் புதன் அல்லது வியாழன் மாலை 6.30 முதல் 7.30 வரை பேச முடியும். அதற்குமுன் இரண்டு விவரங்கள் கிடைத்தால் உதவியாக இருக்கும்: சம்பள வரம்பு, நேர்காணல் எத்தனை சுற்றுகள் என்பது. திருத்திய சுயவிவரத்தை இணைத்திருக்கிறேன். கருவி வாரியான அனுபவ ஆண்டுகள் முதல் பக்கத்திலேயே இருக்கின்றன. வேறொருவரைத் தேர்ந்தெடுக்க முடிவு செய்தால், புதனுக்குள் ஒரு வரி எழுதினால் போதும். அந்த மாலைகளை வேறு நேர்காணலுக்கு ஒதுக்கிக்கொள்வேன்.

நன்றி.

இப்படிக்கு,
கவிதா