அட்டெண்டன்ஸ் எடுக்கணும், வந்துடுங்க

(பிளஸ் டூ 2001 பேட்ச், 25-ஆம் ஆண்டு சந்திப்பு. அழைப்பு வீடியோ ஸ்கிரிப்ட். சுமார் 3 நிமிடம். வாட்ஸ்அப்பில் போகப்போவதால் செல்போனை நெட்டுக்குத்தாக வைத்தே எடுக்கவும்.)

காட்சி 1
வகுப்பறை ஜன்னல், வெளியே மழை. ஜன்னல் கம்பியில் தொங்கும் மெரூன் ஸ்வெட்டரின் கையிலிருந்து ஒரு சொட்டு விழுகிறது. முதல் 5 விநாடி மழைச் சத்தம் மட்டும். இசை வேண்டாம்.

குரல் (நம்ம பேட்ச் பெண் ஒருத்தர், பேசுகிற மாதிரி, வாசிக்கிற மாதிரி வேண்டாம்):
ஜூலை மாசம் முழுக்க காயாத அந்த ஸ்வெட்டர் வாசனை, இன்னும் மூக்குல இருக்கா?

காட்சி 2
குன்னூர் ஸ்டேஷன் பக்கம் ரயில் கூவுகிறது. காலி பெஞ்சுகள். பெஞ்சில் காம்பஸால் கீறிய எழுத்துகள், மிக அருகில். (பெயர் தெரிகிற பெஞ்சை எடுக்காதீங்க. இப்ப எல்லாருக்கும் பிள்ளைங்க இருக்கு.)

குரல்:
மேட்டுப்பாளையத்து ரயில் கூவினா இன்டர்வெல் வந்தாச்சுன்னு அர்த்தம். பெல் அடிக்கிறதுக்கு முன்னாடியே டிபன் பாக்ஸ் திறந்திருக்கும். மஞ்சு உள்ள வந்துட்டா போர்டு தெரியாது. "சார், தெரியல சார்"னு கடைசி பெஞ்ச் கத்தும். அதுல பாதி பேருக்கு வெயில் அடிச்சாலும் தெரியாது!

காட்சி 3
தேயிலைத் தோட்டம், அதன் நடுவே ஒற்றையடிப் பாதை. குரல் இங்கே நிதானமாக.

குரல்:
ஹட்டியில இருந்து வந்தோம். எஸ்டேட் லைன் வீட்டுல இருந்து வந்தோம். பஜார்ல இருந்து வந்தோம். பிளஸ் ஒன் படிச்சப்ப பச்சைத் தேயிலை விலை சரிஞ்சது ஞாபகம் இருக்கும். அந்த வருஷம் நம்ம கிளாஸ்ல ஒவ்வொரு பெஞ்சா காலியாச்சு. ஒருத்தன் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனான். ஒருத்தி இலை பறிக்கப் போனா. அவங்க யாரும் குரூப் போட்டோவுல இல்லை.
அவங்களுக்குத்தான் முதல்ல இந்த அழைப்பு. டி.சி. வாங்கினவங்க, வாங்காமலே நின்னவங்க, பரீட்சையில கோட்டை விட்டவங்க, எல்லாருமே 2001 பேட்ச்தான்.

காட்சி 4
பள்ளிப் பெயர்ப் பலகை. கேமரா மெல்லக் கீழிறங்கி கேட்டைக் காட்டுகிறது.

திரையில்:
2026 அக்டோபர் 3, சனிக்கிழமை
காலை 10 முதல் மாலை 4 வரை
நம்ம பள்ளிக் கலையரங்கம், குன்னூர்

குரல்:
முந்தின நாள் காந்தி ஜெயந்தி, லீவு. அதனால "லீவு கிடைக்கல"ன்னு யாரும் சொல்ல முடியாது. மே மாசம் வைக்கலாம்னு ரெண்டு பேர் சொன்னாங்க. சீசன் டிராஃபிக்ல பர்லியாறுலயே ரீயூனியன் முடிஞ்சிடும்னு விட்டுட்டோம்.
பத்து மணிக்குப் பிரேயர். காலை ரயில்ல வந்தா குன்னூர்ல இறங்கவே பத்தரை ஆயிடும். முந்தின நாளே ஏறி வந்துடுங்க. லேட்டா வந்தா பழைய தண்டனைதான், முட்டி வலின்னு சொன்னா விடமாட்டோம்.

காட்சி 5
கையில் போன், ஃபார்ம் திறந்திருக்கிறது. விரல் ஒவ்வொரு கட்டமாகத் தொடுகிறது.

குரல்:
பதிவு பண்ண இந்த மெசேஜ் கூட வந்த லிங்க்கைத் தொடுங்க. அப்ப இருந்த இனிஷியலோட பேரு, எந்த செக்‌ஷன், எத்தனை பேர் வர்றீங்க, சைவமா அசைவமா. அவ்வளவுதான். ஆளுக்கு 600 ரூபாய். ஃபார்ம் கடைசியில க்யூஆர் கோடு இருக்கு. பணம் கட்டற இடத்துல சைபர்னு போட்டாலும் ஃபார்ம் போகும், யாரும் கேட்கமாட்டோம். செப்டம்பர் 10 கடைசி நாள். சமையல்காரர் அதுக்கு மேல காத்திருக்கமாட்டார்.
டச் போன் இல்லாத ஆளு உங்க ஊர்ல இருந்தா, அவங்க பேரையும் நீங்களே போட்டுவிடுங்க.

திரையில் (4 விநாடி):
வெளி மாவட்ட வண்டிக்கு இ-பாஸ்: epass.tnega.org
TN 43 வண்டிக்கு வேண்டாம்
பிளாஸ்டிக் தண்ணி பாட்டில் செக்போஸ்ட் தாண்டாது

காட்சி 6
கணக்கு சார் வீட்டுத் திண்ணை. தட்டில் வர்க்கி, பக்கத்தில் டீ. மடியில் அவருடைய பழைய மார்க் நோட். பிளஸ் ஒன் பக்கம். சில வரிசை எண்கள் மேல் சிவப்பு மையில் கோடு. கேமரா நோட்டுக்கு அருகே போகிறது. பெயர்களை விரலால் மறைத்துப் பிடிக்கச் சொல்லுங்கள், எண்கள் மட்டும் தெரிந்தால் போதும்.

கணக்கு சார் (கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, சிவப்புக் கோடு போட்ட எண்களை மட்டும் படிக்கிறார்):
நாலு… பதினொண்ணு… பதினேழு…
(நிமிர்ந்து கேமராவைப் பார்த்து)
பதினேழு, எங்கடா இருக்கே? வந்து சேரு.

(பெல் சத்தம். க்யூஆர் கோடு 15 விநாடி.)