முதல் முடிச்சு

ஆவணி மாசம், முகூர்த்தம் காலை ஆறிலிருந்து ஏழரை. நாலரை மணிக்கு நான் மாடி அறைக்குப் போனபோது என் தம்பி ஆவுடையப்பன் பட்டு வேட்டியைக் கையில் பிடித்தபடி ஜன்னல் பக்கம் திரும்பி நின்றிருந்தான். வேட்டியின் கரை ஆடிக்கொண்டிருந்தது. காற்றில் ஆடுகிறது என்றுதான் முதலில் நினைத்தேன்.

"கதவைச் சாத்துக்கா" என்றான். சாத்தினேன். இரண்டு கையையும் முன்னால் நீட்டிக் காட்டினான். விரல் பத்தும் தனித்தனியாக ஆடின.

"நிக்க மாட்டேங்கு. அப்பாவுக்கு வந்தது எனக்கும் வந்துட்டு."

எங்க அப்பா கல்லிடைக்குறிச்சியில் முப்பது வருஷம் மோட்டார் காயில் கட்டினவர். சீலிங் ஃபேனுக்குச் சுத்துகிற 36 கேஜ் செம்புக் கம்பியெல்லாம் தலைமுடிக்கு அக்கா மாதிரி இருக்கும், கொஞ்சம் இழுத்தால் அறுந்துவிடும், மேல்பூச்சு கீறினால் காயில் எரிந்துவிடும். அவ்வளவு நிதானமான கை அவருக்கு. ஐம்பது வயதுக்கு மேல் அந்தக் கை நடுங்க ஆரம்பித்தது. சும்மா தொங்கப் போட்டிருந்தால் ஒன்றும் தெரியாது, டம்ளரையோ பேனாவையோ பிடித்தால்தான் ஆடும். திருநெல்வேலிக்குக் கூட்டிப்போய்க் காட்டினோம். பயப்பட ஒன்றுமில்லை, சில குடும்பங்களில் வழிவழியாக வரும், பதற்றத்திலும் காப்பியிலும் கூடும் என்று டாக்டர் சொன்னார். ஆனால் டாக்டர் எங்களிடம் சொன்னதை ஊரிடம் யார் போய்ச் சொல்வது? "சாயங்காலம் ஊத்திக்கிட்டா நின்னுரும்" என்று டீக்கடையில் சிரித்தார்கள். வாழ்நாளில் ஒரு சொட்டு தொடாத மனுஷன். அதிலிருந்து அவர் கல்யாண வீடுகளுக்குப் போவதை நிறுத்திவிட்டார், எங்கேயாவது போனாலும் காப்பி வேண்டாம் என்றுவிடுவார். வீட்டில் மட்டும் அம்மா அவருக்கு அரை டம்ளர் ஊற்றிக் கொடுப்பாள். அரை டம்ளர் என்றால் சிந்தாது.

இப்போது ஆவுடை பயந்தது நடுக்கத்துக்கு மட்டுமில்லை. மணவறையில் தாலியைப் பிடித்த கை ஆடும், வீடியோக்காரன் அதைத்தான் கிட்டத்தில் எடுப்பான், பெண் வீட்டார் வீரவநல்லூரிலிருந்து இரண்டு பஸ் நிறைய வந்திருக்கிறார்கள், அவர்கள் என்ன நினைப்பார்கள்? அப்பாவைப் பற்றி ஊர் பேசினதை இனி அவர்களும் சேர்ந்து பேசுவார்கள். ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை, விடிவதற்குள் மூணு காப்பி வேறு குடித்திருக்கிறான். எனக்கு வந்த கோபத்தில் நாலாவதாக மேஜையில் இருந்த டம்ளரை எடுத்து வாஷ்பேசினில் கொட்டினேன்.

கதவைத் தட்டிக்கொண்டு அவன் கூட்டாளி ஒருத்தன் வந்தான். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "ஏலே, ஒரே ஒரு கட்டிங் போடு, கை கல்லு மாதிரி நிக்கும்" என்றான். அவன் நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். ஆவுடை அவனைப் பார்த்த பார்வையில் பேச்சில்லாமல் இறங்கிப் போய்விட்டான்.

நான் ஒரு யோசனை சொன்னேன். எப்படியும் முதல் முடிச்சுதான் மாப்பிள்ளை, மற்ற இரண்டும் நாத்தனார் போடுவது. "நீ கயித்தைக் கழுத்துல வச்சா போதும்டா, மூணு முடிச்சையும் நானே போட்டுடுதேன். கெட்டிமேளச் சத்தத்துல எவனுக்குத் தெரியப் போவுது?"

கொஞ்ச நேரம் யோசித்தான். "வேண்டாங்க்கா. அது நான் போட வேண்டியது."

அப்புறம் மல்லிகைப்பூ கட்டியிருந்த நாரில் ஒரு முழம் கேட்டு வாங்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனான். நானும் பின்னால் போனேன், ஆனால் படியிலேயே நின்றுவிட்டேன். மேற்கே பொதிகை மலை கறுப்பாகத் தெரிந்தது, சாரல் குறைகிற காலம்தான் என்றாலும் அந்தப் பக்கத்துக் காற்றில் ஈரம் இருந்தது. கீழே சமையல்காரர்கள் தேங்காய் துருவுகிற சத்தம். அவன் கொடிக்கம்பியில் நாரைப் போட்டு முடிச்சுப் போட்டுப் பார்த்தான். நழுவியது. மறுபடியும் போட்டான், நழுவியது. மூன்றாவது தடவை நின்றான். அப்பா பட்டறையில் கடைசி வருஷங்களில் செய்ததை அவனும் நானும் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறோம்: இரண்டு முழங்கையையும் விலாவோடு இறுக்கி வைத்துக்கொள்வார், மூச்சை வெளியே விடுவார், அந்த மூச்சு முடிவதற்குள் கம்பி முனையை முறுக்கிவிடுவார். மூச்சை இழுக்கும்போது வேலை செய்யமாட்டார். ஆவுடை முழங்கையை ஒட்டினான், மூச்சை விட்டான், முடிச்சு விழுந்தது. அவிழ்த்தான், திரும்பப் போட்டான். பதினொன்று வரை எண்ணினேன். கை ஆடிக்கொண்டேதான் இருந்தது, ஆனால் முடிச்சு விழுந்தது.

கீழே இறங்கும்போது மண்டப வாசலில் அப்பாவைப் பார்த்தோம். சந்தனக் கும்பாவையும் பன்னீர்ச் செம்பையும் சித்தப்பா பிடித்திருந்தார். அப்பா கொஞ்சம் தள்ளி, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, வருகிறவர்களுக்குத் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு நின்றார். மகன் கல்யாணத்தில் கும்பிடக்கூட கையை எடுக்கவில்லை. ஆவுடை அங்கேயே நின்றுவிட்டான். அவன் முகம் மாறியதைப் பார்த்தேன்.

மணவறையில் எனக்கு அவன் முதுகுக்குப் பின்னால் இடம். கோமதி வந்து உட்கார்ந்தாள். ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார், தட்டில் தாலியை வைத்துச் சபையில் சுற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த இடைவெளியில் என் தம்பி அவள் பக்கம் லேசாகச் சாய்ந்தான். என் காதில் விழும் அளவுக்குத்தான் பேசினான்.

"எனக்கு கை நடுங்கும். அப்பாவுக்கும் நடுங்கும். குடியில்ல, நரம்புல உள்ளது. கட்டுததுக்குக் கொஞ்சம் நேரமாவும்."

கோமதி நிமிர்ந்து பார்க்கவில்லை. மடியில் இருந்த அவன் கையை ஓரக்கண்ணால் பார்த்தாள். எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. இதைச் சொல்கிற நேரமாடா இது என்று மனசுக்குள் அவனைத் திட்டினேன், ஆறு மாசமாக போனில் பேசியவன் ஒரு நாள் சொல்லியிருக்கக் கூடாதா?

"மெதுவாவே கட்டுங்க" என்றாள். சடையையும் மாலையையும் தானே ஒதுக்கி, கழுத்தைக் கொஞ்சம் குனிந்து கொடுத்தாள்.

கெட்டிமேளம் என்று ஐயர் கை காட்டினார், தவில் இடித்தது, அட்சதை விழுந்தது. தாலியோடு அவன் கை அவள் கழுத்துக்கு இந்தப் பக்கம் வந்தபோது ஆடத்தான் செய்தது. வீடியோ விளக்கு நேராக அதன்மேல் அடித்தது. அவன் அவசரப்படவில்லை. முழங்கை இரண்டும் விலாவில் ஒட்டின. மஞ்சள் கயிற்றின் இரண்டு நுனியும் சந்தித்தன. மூச்சு வெளியே போகிற சத்தம் அந்த மேளத்துக்கு நடுவிலும் எனக்குக் கேட்டது. முடிச்சு விழுந்தது. அதை ஒரு தடவை இழுத்துப் பார்த்தான், பட்டறையில் காயில் கட்டி முடித்ததும் இழுத்துப் பார்ப்பதுபோல. அப்புறம்தான் கயிற்றை என்னிடம் விட்டான்.

என் இரண்டு முடிச்சையும் போட்டுவிட்டு நிமிர்ந்தேன். என் கண்ணில் தண்ணீர், அதனால் அப்பாவைச் சரியாகப் பார்க்க முடியவில்லை. அவர் ஒரு கையில் அட்சதை வைத்திருந்தார், பாதி அரிசி அவர் காலடியிலேயே சிந்திக் கிடந்தது.

மறுநாள் வீரவநல்லூரில் மறுவீடு. வழக்கப்படி சொதிச் சாப்பாடு, தேங்காய்ப்பாலும் இஞ்சித் துவையலும் உருளைக்கிழங்கு பொரியலுமாக இலை நிறைந்துவிட்டது. கடைசியில் கோமதி பாயசம் கொண்டுவந்தாள். வரிசையாக எல்லோருக்கும் டம்ளர் நிறைய ஊற்றிக்கொண்டு வந்தவள், அப்பாவுக்கும் ஆவுடைக்கும் மட்டும் அரை டம்ளர் ஊற்றினாள்.

"இவ்வளவு போதுமா மாமா? குடிச்சதும் இன்னும் ஊத்துதேன்" என்றாள்.

அப்பா முதுகுக்குப் பின்னால் இருந்த கையை எடுத்து டம்ளரை வாங்கினார்.