பொருள்: புதிய பதிப்பில் எங்கள் பழைய நோயாளிப் பதிவுகள் திறக்குமா? பணம் கட்டும் முன் பதில் தேவை

வணக்கம்.

நீடாமங்கலத்தில் சிறிய கிளினிக் நடத்தும் மருத்துவர் நான். 2011 முதல் உங்கள் மென்பொருளின் பழைய பதிப்பில்தான் நோயாளிகளின் விவரங்களைப் பதிந்து வருகிறோம். உங்கள் விற்பனைப் பிரிவிலிருந்து பேசிய தம்பி, அந்தப் பதிப்புக்கு இனி பழுது பார்க்க ஆள் அனுப்ப மாட்டோம், புதியதற்கு மாறிவிடுங்கள் என்றார். பழைய பதிவுகள் என்ன ஆகும் என்று கேட்டேன். "எல்லாம் வந்துவிடும் மேடம்" என்றார். எல்லாம் என்றால் எது எது என்றேன். மின்னஞ்சலில் எழுதுங்கள், தொழில்நுட்பப் பிரிவு பதில் சொல்லும் என்று சொல்லிவிட்டார். எனவே அந்தப் பிரிவில் இருப்பவருக்கே எழுதுகிறேன்.

மாறுவதில் எனக்குத் தயக்கம் இல்லை. வரவேற்பறைக் கணினி இன்னும் விண்டோஸ் 7-இல் ஓடுகிறது. மைக்ரோசாஃப்ட் அதற்கான பாதுகாப்புத் திருத்தங்களை 2020 ஜனவரியிலேயே நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 உள்ள புதிய கணினி வாங்கிப் பெட்டியைக்கூடப் பிரிக்காமல் வைத்திருக்கிறேன். உங்கள் பதில் வந்தபின்தான் பிரிப்பேன்.

எங்கள் பதிவுகள் முழுவதும் `D:\CLINIC\RECORDS.MDB` என்ற ஒரே கோப்பில் இருக்கின்றன. அளவு ஏறத்தாழ 1.4 ஜிபி. இந்த வகைக் கோப்பு 2 ஜிபிக்கு மேல் வளராது என்பதால், இன்றில்லாவிட்டாலும் நாளை மாறித்தான் ஆக வேண்டும். பொறியியல் படிக்கும் என் அக்காள் மகன் ஒன்று சொன்னான்: இக்கோப்பைத் திறக்கும் பழைய ஜெட் இயக்கி 32 பிட்டில் மட்டுமே உண்டு, 64 பிட் நிரலால் அதைப் பயன்படுத்த முடியாதாம். உங்கள் விளம்பரத் தாளில் புதிய பதிப்பு 64 பிட் என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது. அப்படியானால் பழைய கோப்பை நேரே திறக்கிறீர்களா, அல்லது வேறு வடிவத்துக்கு மாற்றி ஏற்றுகிறீர்களா? மாற்றுவதாக இருந்தால் மூலக் கோப்பில் கை வைக்காமல் நகலில் மட்டும் செய்ய வேண்டும். இன்னொன்று: அந்தக் கோப்பின் கடவுச்சொல் எங்களிடம் இல்லை. நிறுவ வந்தவர் போட்டுவிட்டுப் போனது. பதிவுகள் எங்களுடையவை, கடவுச்சொல்லும் எங்களிடம் இருக்க வேண்டும். அதையும் அனுப்பிவைக்கவும்.

என் முக்கியக் கவலை, கோப்பு திறந்த பிறகு திரையில் என்ன தெரியும் என்பதுதான். பழைய பதிப்பில் நோயாளியின் பெயரும் ஊரும் பாமினி எழுத்துருவில் அடித்தவை. வரவேற்பறைப் பெண் ஒரு பெயரை நகலெடுத்து வேறோர் இடத்தில் ஒட்டியபோது வந்ததை அப்படியே தருகிறேன்:

```
fypangUkhs;
```

இது கலியபெருமாள். யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இருப்பது தெரியும். ஆனால் எங்கள் 'குறிப்பு' பெட்டியில் தமிழுக்கு ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் தமிழ், இல்லாவிட்டால் ஆங்கிலம். ஒருவருக்கு "காலில் புண், கட்டு மாற்றவும்" என்று தமிழிலும், அடுத்தவருக்கு மருந்தின் பெயரும் அளவும் ஆங்கிலத்திலும் அதே பெட்டியில் இருக்கும். கருவி கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் மாற்றினால் தமிழ்க் குறிப்பு சரியாகிவிடும், மருந்துச் சீட்டு யாருக்கும் புரியாத தமிழாகிவிடும். எது எந்த மொழி என்பதை உங்கள் நிரல் எப்படிக் கண்டுகொள்ளும்?

புதிய பதிப்பில் நோயாளியைக் கைப்பேசி எண்ணை வைத்து அடையாளம் காணலாம் என்று அந்தத் தம்பி பெருமையாகச் சொன்னார். சென்னைக்கு அது சரியாக இருக்கலாம். இங்கே பாட்டி, மகன், மருமகள், பேரன் நான்கு பேருக்கும் மகனுடைய ஒரே எண்தான். எண்ணை அடையாளமாக்கினால் பாட்டியின் சர்க்கரை பேரன் கணக்கில் ஏறும். கோவிந்தம்மாள் என்ற பெயரில் எத்தனையோ பேர் வருகிறார்கள். கணவர் பெயர், தெரு, நாங்கள் கொடுத்த பழைய பதிவு எண் மூன்றையும் வைத்துத்தான் பிரித்தறிகிறோம். அந்தப் பதிவு எண் மாறவே கூடாது. நோட்டுப் புத்தகத்தின் அட்டையில் அதை எழுதி, நெகிழிப் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு வருகிறார்கள்.

அடுத்தது ஒவ்வாமை. பழைய திரையில் பெனிசிலின் ஒத்துக்கொள்ளாதவர் பெயரைத் திறந்தாலே மேலே சிவப்புப் பட்டை வரும். புதியதில் அது எங்கே போகும்? குறிப்புகளின் அடியில் ஒரு வரியாகக் கிடந்தால் கூட்ட நேரத்தில் கண்ணில் படாது. சர்க்கரை அளவில் வெறும் வயிறு, சாப்பிட்ட பின் என இரண்டு கட்டங்கள் உண்டு. அவை இடம் மாறினால் பார்ப்பவருக்குத் தவறு என்றே தெரியாது, மாத்திரையைக் கூட்டிவிடுவார். தேதியும் அப்படித்தான். 03/04/2016 எங்களுக்கு ஏப்ரல் 3. உங்கள் நிரல் மார்ச் 4 என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பழைய பதிப்பில் பிறந்த தேதி கிடையாது, முதல் முறை வந்தபோது சொன்ன வயது மட்டும்தான். அன்று 52 என்று பதிந்தவர் இன்றும் 52 ஆகவே தெரிவாரா?

இசிஜி, எக்ஸ்ரே படங்கள் `D:\CLINIC\SCAN` என்ற தனிக் கோப்புறையில் இருக்கின்றன; பதிவில் இருப்பது அவற்றின் முகவரி மட்டும். புதிய கணினியில் டி டிரைவே இல்லாவிட்டால் படங்கள் எப்படித் திறக்கும்?

சிகிச்சை தொடங்கியதிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குப் பதிவுகளைப் பாதுகாத்தால் போதும் என்று 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள் சொல்கின்றன. அதைக் காட்டி, கடைசி மூன்று ஆண்டுகளை மட்டும் ஏற்றித் தருகிறோம் என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். சிறுநீரகம் எப்போது கெடத் தொடங்கியது என்று பார்க்க எனக்குப் பத்து ஆண்டு கிரியேட்டினின் அளவுகள் வேண்டும். அதே விதிகளின்படி, நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் பதிவைக் கொடுக்க வேண்டும். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பும்போது அவ்வளவு நேரம்கூடக் கிடைக்காது.

இணையம் இல்லாதபோது பழைய பதிவைப் பார்க்க முடியுமா என்பதையும் தெளிவாகச் சொல்லுங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது மின்சாரமும் இல்லை, கைப்பேசிக் கோபுரமும் இல்லை. ஜெனரேட்டரில் பழைய கணினியை ஓட்டித்தான் யாருக்கு என்ன மருந்து என்று பார்த்தோம். ஐப்பசி, கார்த்திகையில் டெல்டாவில் தொழில் செய்பவர் எவரும் இதைக் கேட்பார்.

நான் வேண்டுவது இதுதான். உங்கள் ஆள் ஒருவர் இங்கே வந்து, எங்கள் கணினியிலேயே, எங்கள் கோப்பின் நகலை வைத்து மாற்றிக் காட்டட்டும். நோயாளிகளின் விவரங்களை உங்கள் அலுவலகத்துக்கு அனுப்ப எனக்கு விருப்பமில்லை. பழையவர், புதியவர், ஒவ்வாமை உள்ளவர், படம் உள்ளவர் என்று நானே சிலரைத் தேர்ந்தெடுத்து இரண்டு திரைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். மொத்த நோயாளிகளின் எண்ணிக்கையும் வருகைகளின் எண்ணிக்கையும் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். அதன் பிறகும் ஆறு மாதம் பழைய பதிப்பைப் பார்வைக்கு மட்டும் திறக்க அனுமதி தர வேண்டும். நாளை உங்களை விட்டு வேறு மென்பொருளுக்குப் போக நேர்ந்தால், எல்லாவற்றையும் எக்செல்லில் திறக்கும் வடிவில் எடுத்துக்கொள்ள வழி உண்டா என்பதையும் எழுதுங்கள்.

மாற்றித் தருவதற்குத் தனிக் கட்டணம் என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள். சரிபார்த்த பிறகு கொடுக்கிறேன். பதிலை மின்னஞ்சலிலேயே அனுப்பவும், தொலைபேசியில் வேண்டாம். ஆள் வருவதாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை வரட்டும். மற்ற நாள்களில் பகல் இரண்டு மணிக்கு முன் அந்தக் கணினியை யாரிடமும் விட முடியாது.

இப்படிக்கு,
மருத்துவர் இரா. செந்தாமரை
நீடாமங்கலம், திருவாரூர் மாவட்டம்