வினா 7: யு.எச்.டி. அசெப்டிக் பாலும் பாட்டிலில் ஸ்டெரிலைஸ் செய்த பாலும்

பால் பதப்படுத்தும் தொழில்நுட்பம், பட்டயப் படிப்பு, இரண்டாம் ஆண்டு

வினா 7 (20 மதிப்பெண்)

ஓர் ஆலையில் இரண்டு வரிசைகள் உள்ளன. வரிசை 1: பால் 140°C-இல் 4 விநாடி யு.எச்.டி. செய்யப்பட்டு, அசெப்டிக் முறையில் அட்டைப் பாக்கெட்டில் நிரப்பப்படுகிறது. வரிசை 2: பால் கண்ணாடி பாட்டிலில் அடைத்து மூடப்பட்டபின், ரிடார்ட்டில் 115°C-இல் 20 நிமிடம் ஸ்டெரிலைஸ் செய்யப்படுகிறது.

(அ) இரண்டுக்கும் F0, C* மதிப்புகளைக் கணக்கிட்டு விளக்குக. (7)
(ஆ) கிருமியற்ற நிலை ஒவ்வொரு முறையிலும் எங்கே கெடக்கூடும்? (6)
(இ) வரிசை 1-இன் பால் மூன்று மாதத்தில் கசந்து, கூழாகக் கெட்டியானது. அதே கொள்முதல் பாலிலிருந்து வந்த வரிசை 2-இன் பால் அப்படி ஆகவில்லை. காரணம் என்ன? (4)
(ஈ) லேபிள் இல்லாமல் இரண்டையும் ஆய்வகத்தில் எப்படிப் பிரித்தறிவீர்? (3)

தரவு (t விநாடியில், T °C-இல்):

```
F0 = (t/60)   × 10^((T − 121.1)/10)
C* = (t/30.5) × 10^((T − 135)/31.4)
```

C* = 1 என்றால் தயமின் இழப்பு 3%.

விடை

(அ) முதலில் கணக்கு. F0 ஸ்போர் அழிவைக் காட்டும் அளவு, C* தயமின் இழப்பு போன்ற வேதிச் சிதைவைக் காட்டும் அளவு.

```
வரிசை 1:  F0 = (4/60)      × 10^1.89   = 5.2
          C* = (4/30.5)    × 10^0.159  = 0.19
வரிசை 2:  F0 = (1200/60)   × 10^−0.61  = 4.9
          C* = (1200/30.5) × 10^−0.637 = 9.1
```

F0 இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். அதாவது ஸ்போர்களைக் கொல்வதில் எதுவும் எதற்கும் இளைத்ததல்ல. கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் ஸ்போருக்கு 12 D குறைப்பு, அதாவது எண்ணிக்கை 12 முறை பத்தில் ஒன்றாகக் குறைவது, வேண்டும் என்பதற்காக வைத்திருக்கும் குறைந்தபட்ச F0 ஏறத்தாழ 3. இரண்டு பாலும் அதைத் தாண்டிவிட்டன. ஆனால் C* மட்டும் 48 மடங்கு வித்தியாசப்படுகிறது. தயமினில் பார்த்தால், வரிசை 1-இல் இழப்பு 0.6% அளவில்தான். வரிசை 2-இல் 1 − 0.97^9.1, அதாவது சுமார் 24%. 9.1-ஐ 3-ஆல் பெருக்கி 27% என்று எழுதக் கூடாது; மிச்சமிருக்கும் தயமினிலிருந்துதான் அடுத்த 3% போகிறது.

இந்த 48 எங்கிருந்து வந்தது? 115-இலிருந்து 140-க்குப் போக 25 டிகிரி. வேகம் பத்து மடங்காக எத்தனை டிகிரி கூட வேண்டும் என்பதுதான் z மதிப்பு. ஸ்போர் அழிவின் z மதிப்பு 10, எனவே அழியும் வேகம் 10^2.5, அதாவது 316 மடங்கு கூடுகிறது. தயமின் சிதைவின் z மதிப்பு 31.4, எனவே அது 6 மடங்குக்குக் கொஞ்சம் மேல்தான் கூடுகிறது. நேரமோ 1200 விநாடியிலிருந்து 4 விநாடிக்கு, 300-இல் ஒரு பங்காகக் குறைகிறது. 316-ஐ 300-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 1, அதனால் F0 சமம். 6.25-ஐ 300-ஆல் வகுத்தால் 48-இல் ஒரு பங்கு. யு.எச்.டி. முறை நிற்பதே இந்த இரண்டு z மதிப்புகளின் இடைவெளியில்தான். பழுப்பு நிறம் தரும் மெயிலார்ட் வினையும் தயமினைப் போலவே வெப்பநிலைக்கு மெதுவாக எதிர்வினை காட்டுவது. அதனால்தான் பாட்டில் பால் இளம் பழுப்பாகவும் காய்ச்சிச் சுண்டிய பாலின் வாசனையோடும் இருக்கிறது, பாக்கெட் பால் வெள்ளையாக இருக்கிறது.

அப்படியானால் பாட்டிலையே 140°C-இல் 4 விநாடி வைத்தால் என்ன? வைக்க முடியாது. கண்ணாடியைத் தாண்டி, பாட்டிலின் நடு அச்சில் அடிப்பக்கமாக இருக்கும் குளிர்ப்புள்ளிக்கு வெப்பம் போய்ச் சேரவே பல நிமிடங்கள் ஆகும். யு.எச்.டி.யில் பால் தகடு அல்லது குழாய் வெப்பமாற்றியில் மெல்லிய ஓட்டமாகப் போகிறது. நேரடி முறையில் நீராவியே பாலுக்குள் கலந்து ஒரு விநாடிக்குள் 140°C-ஐ எட்டிவிடுகிறது. அப்புறம் வெற்றிடக் கலத்தில், கலந்த நீராவியின் அளவுக்கு நீர் ஆவியாகி, பால் உடனே குளிர்கிறது.

மேலே உள்ள எண்களில் சூடேறும் நேரமும் குளிரும் நேரமும் சேரவில்லை. சேர்த்தால் இரண்டின் C*-உம் கூடும். குழாய் வழி மறைமுக முறையில் உண்மையான C* 0.19-ஐவிட நன்றாகவே அதிகம் வரும். பாட்டிலிலும் கண்ணாடியை ஒட்டிய பால் நடுப்பகுதிப் பாலைவிட அதிகம் வெந்திருக்கும்.

(ஆ) வரிசை 2-இல் முதலில் மூடுகிறோம், பிறகு சூடாக்குகிறோம். பால், பாட்டில், மூடியின் உட்புறம், மேலே உள்ள காற்றிடம் எல்லாம் ஒரே சூட்டில் ஒன்றாகக் கிருமியற்றுப் போகின்றன. நிரப்பும் அறை சுத்தமாக இருந்தால் போதும், கிருமியற்றதாக இருக்க வேண்டியதில்லை. இனி உள்ளே எதுவும் நுழைய ஒரே வழி மூடிதான், அதிலும் ஆபத்தான கட்டம் குளிர்விக்கும் கட்டம். பாட்டில் குளிரும்போது உள்ளே அழுத்தம் குறையும். மூடியின் விளிம்பில் நூலளவு இடைவெளி இருந்தாலும் குளிர்நீரை அது உள்ளே இழுத்துவிடும். எனவே குளிர்நீருக்குக் குளோரின் கட்டாயம். ரிடார்ட்டில் மிஞ்சிய காற்றுப் பைகள் இன்னொரு தொல்லை. அழுத்தமானி சரியாகக் காட்டும், ஆனால் காற்று தங்கிய மூலையில் இருக்கும் பாட்டில்கள் 115-ஐ எட்டியிருக்காது. ஆரம்பத்தில் நீராவியை வெளியே விட்டுக் காற்றை விரட்டுவதும், அழுத்தமானியை நம்பாமல் வெப்பமானியைப் பார்ப்பதும் இதற்காகத்தான்.

வரிசை 1-இல் நிலைமை தலைகீழ். 4 விநாடியில் கிருமியற்றதான பால், அதன்பிறகு எத்தனையோ இடங்களைத் தாண்டிப் போக வேண்டும்: குளிர்விக்கும் பகுதி, அசெப்டிக் தொட்டி, வால்வுகள், நிரப்பும் எந்திரம், பாக்கெட் காகிதம். ஒவ்வொன்றையும் தனித்தனியே கிருமியற்றதாக்கி, அப்படியே வைத்திருக்கவும் வேண்டும். பால் விடுவதற்கு முன் வரிசை முழுவதிலும் 137°C-க்குக் குறையாத சுடுநீர் 30 நிமிடம் ஓட வேண்டும். பாக்கெட் சுருள் சுமார் 35% ஹைட்ரஜன் பெராக்சைடில் 70°C-க்கு மேல் நனைந்து, வடிகட்டிய சூடான காற்றில் உலர்ந்து வரும். எந்திரத்துக்குள் காற்றழுத்தம் வெளியைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்க வேண்டும், அப்போதுதான் கசிவு உள்ளிருந்து வெளியேதான் நடக்கும்.

பிடிப்புக் குழாயையும் சொல்ல வேண்டும். 140°C-இல் பால் கொதிக்காமலிருக்க 3.6 பாருக்கு மேல் தனி அழுத்தம் தேவை. அது குறைந்தால் ஆவிக்குமிழிகள் இடத்தை அடைத்துக்கொள்ள, பால் 4 விநாடிக்கு முன்பே வெளியேறிவிடும். வெப்பநிலை தவறினால் ஓட்டத்தைத் திருப்பும் வால்வு பாலைத் திருப்பி அனுப்ப வேண்டும்.

தையல்தான் பாக்கெட்டின் மூடி. காகிதம், பாலிஎத்திலீன், அலுமினியத் தாள் என்று அடுக்கிய சுருள் குழாயாக வளைந்து, நீளவாக்கில் ஒட்டப்பட்டு, பால் மட்டத்துக்குக் கீழே குறுக்கே ஒட்டி வெட்டப்படுகிறது. நான் பயிற்சிக்குப் போன ஆலையில் தரக்கட்டுப்பாட்டு அக்கா குறிப்பிட்ட இடைவெளியில் ஒரு பாக்கெட்டை எடுத்து, பாலைக் கொட்டிக் கழுவி, மடிப்புகளைப் பிரித்து, தையல் ஓரத்தில் சிவப்பு மை விடுவார். நல்ல தையலில் மை கோடாக நின்றுவிடும். ஒருநாள் மூலையில் முடி போல ஒரு சிவப்புக் கீற்று காகிதத்துக்குள் ஓடியது. அவர் ஒன்றும் பேசாமல் எந்திரத்தை நிறுத்தச் சொல்லி, முந்தைய சோதனைக்குப் பிறகு வந்த பாக்கெட்டுகள் அத்தனையையும் தனியே ஒதுக்கச் சொன்னார்.

எல்லாம் சரியாக நடந்தாலும் எண்ணிக்கை என்று ஒன்று உண்டு. 10,000 லிட்டர் பாலில் மில்லிக்கு 100 ஸ்போர் இருந்தால் மொத்தம் 10^9. ஒன்பது D குறைப்பில் மிஞ்சுவது சராசரியாக ஒன்று; ஒரு லிட்டர் பாக்கெட்டாகப் போட்டால் பத்தாயிரத்தில் ஒன்று கெடும். பாட்டிலுக்கும் இதே கணக்குதான். ஆகவே கொள்முதல் பாலில் ஸ்போர் குறைவாக இருப்பது இரண்டு வரிசைக்கும் அவசியம். மாதிரிகளை 30°C-இல் 15 நாளும் 55°C-இல் 7 நாளும் அடைகாத்துப் பார்க்கிறோம் என்றாலும், பத்தாயிரத்தில் ஒன்றை மாதிரி எடுத்துப் பிடிப்பது நடக்காத காரியம். வெப்பநிலைப் பதிவுத் தாளும் தையல் சோதனையும்தான் உண்மையான காவல்.

(இ) கிருமி வளர்ந்து கெட்டதா என்பதை முதலில் விலக்க வேண்டும். பாக்கெட் உப்பியிருக்கிறதா, pH 6.6-இலிருந்து இறங்கியிருக்கிறதா, தட்டு வளர்ப்பில் ஏதாவது வருகிறதா என்று பார்க்க வேண்டும். இவை எதுவும் இல்லையென்றால் நொதிதான் காரணம்.

கொள்முதல் பால் குளிர்தொட்டியில் நாள்கணக்கில் கிடந்தால் சூடோமோனாஸ் போன்ற குளிர் தாங்கும் பாக்டீரியாக்கள் பெருகும். அவை பாஸ்டரைசேஷனிலேயே செத்துவிடும், ஆனால் அவை விட்டுப்போகும் புரோட்டியேஸ் சாகாது. 140°C-இல் அதன் D மதிப்பே, அதாவது பத்தில் ஒன்றாகக் குறைய ஆகும் நேரமே, பல பத்து விநாடிகள், சிலவற்றில் நிமிடத்துக்கும் மேல். 4 விநாடி அதற்கு ஒரு பொருட்டே இல்லை. 115°C-இல் 20 நிமிடம் என்றால் பெரும்பகுதி செயலிழக்கும். பாலிலேயே இயல்பாக உள்ள பிளாஸ்மினும் பாட்டிலில் அழிந்துவிடும், யு.எச்.டி.யில், குறிப்பாக நேரடி முறையில், கொஞ்சம் தப்பலாம். அலமாரியில் மாதக்கணக்கில் இருக்கும்போது இந்த நொதிகள் கேசினை வெட்டுகின்றன: முதலில் கசக்கும் பெப்டைடுகள், அப்புறம் கூழ்.

சத்தைக் காக்க உதவிய அதே குறுகிய நேரம்தான் இங்கே காலை வாருகிறது. வெப்பநிலையை இன்னும் கூட்டுவது தீர்வல்ல. கொள்முதல் பாலை 4°C-க்குக் கீழே வைத்து, 48 மணி நேரத்துக்குள் ஓட்டிவிட வேண்டும். முன்சூடாக்கலில் 90°C-இல் ஒரு நிமிடம் நிறுத்தினால் பிளாஸ்மின் அடங்கும். பழைய பால்தான் கையில் இருக்கிறது என்றால், ஆலை மேலாளராக நான் இருந்தால் அதை வரிசை 2-க்கு அனுப்பி, நறுமணப் பாலாக்கி விற்பேன். ஏலக்காய், பாதாம் வாசனைக்குள் பழுப்பும் சுண்டிய வாசனையும் குறையாகத் தெரியாது.

(ஈ) கலங்கல் சோதனை. 20 மி.லி. பாலில் 4 கிராம் அமோனியம் சல்பேட் போட்டு நன்றாகக் குலுக்கி, சிறிது நேரம் வைத்து வடிகட்ட வேண்டும். கேசினும் உருக்குலைந்த மோர்ப் புரதமும் தாளில் தங்கிவிடும். தெளிந்த வடிநீரில் 5 மி.லி. எடுத்துக் கொதிநீரில் 5 நிமிடம் வைத்துக் குளிரவிட வேண்டும். வடிநீர் கலங்கினால் உருக்குலையாத மோர்ப் புரதம் மிஞ்சியிருக்கிறது, அது யு.எச்.டி. பால். தெளிவாகவே இருந்தால் அது பாட்டிலில் ஸ்டெரிலைஸ் செய்தது.

அதிகம் சூடுபட்ட மறைமுக யு.எச்.டி. பால் கலங்காமலோ லேசாக மட்டும் கலங்கியோ ஏமாற்றலாம். அப்போது லாக்டுலோஸை அளக்க வேண்டும். லிட்டருக்கு 600 மி.கி.-க்குக் கீழே இருந்தால் யு.எச்.டி., மேலே இருந்தால் பாட்டில்.